பிள்ளையின் படமும் பெற்றாரின் சம்மதமும்



இம்முறை நாம் எழுதப்போவது எமது கையாலேயே நடந்த ஒரு தவறைப் பற்றியது. சில ஆண்டுகளுக்கு முன் எமது மடலில் ஒரு படம் வந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் உள்ள ஒரு தமிழ்ப் பாடசாலையின் கலைவிழா மேடையில், மலைநாட்டுத் தோட்டங்களைச் சேர்ந்த பதினொரு பிள்ளைகள் அப்பியாசக் கொப்பிகளும் புத்தகப்பையும் வாங்கிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். படம் நன்றாக விழுந்திருந்தது. கீழே இடமிருந்து வலமாகப் பெயர், தரம், தகப்பன் பெயர், எந்தத் தோட்டம், கொட்டாஞ்சேனையில் எந்த வீதியில் யார் வீட்டில் தங்கிப் படிக்கிறார் என்று ஒன்றும் விடாமல் அச்சிட்டிருந்தோம். நமது பிள்ளைகள் கொழும்பு வரை போய்ப் படிக்கிறார்கள் என்று எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்பதுதான் எமது எண்ணம்.

அந்த வரிசையில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். அவளுடைய தாய், புருஷனின் குடியும் அடியும் தாங்க முடியாமல் லயத்தை விட்டு இறங்கி, வெள்ளவத்தையில் ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பிள்ளை கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில் இருந்தாள். விடுகைப் பத்திரம் எடுத்தது கூட அதிகம் பேருக்குத் தெரியாமல்தான். பழைய பாடசாலை அதிபருக்கு விசயம் தெரியும், அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இது எதுவும் எமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் கேட்கவும் இல்லை.

மடல் தோட்டத்துக்கு வந்ததும் வழக்கம்போலக் கொழுந்து மடுவத்துச் சுவரில் ஒட்டினார்கள். நமது தோட்டத்துப் பொடியன் ஒருவன் அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் போட்டான். அவன் மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. "நம்ம தோட்டத்துப் புள்ளைங்க கொழும்புல" என்று எழுதி இரண்டு கைதட்டலும் போட்டிருந்தான். அங்கிருந்து படம் உறவுக்காரர் இரண்டு பேருடைய முகநூலுக்குப் போனது. ஒருவர் தலவாக்கலையில், மற்றவர் வெளிநாட்டில்.

மூன்றாம் நாள் பாடசாலை விடும் நேரத்தில் தகப்பன் வாசலில் நின்றார். பிள்ளை அவரைக் கண்டதும் திரும்பி ஓடி வகுப்பறைக்குள் போய்விட்டாள். வகுப்பாசிரியை கவனித்துப் பெரியம்மாவுக்குச் சொல்லி அனுப்பியபடியால் அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த கிழமையே தாய் அந்தப் பாடசாலையிலிருந்து பிள்ளையை எடுத்துவிட்டாள். வேறு இடம் பார்த்து, வேறு பாடசாலையில் சேர்க்கும்வரை ஒரு தவணை வீணாகப் போனது.

அந்தத் தாய் எமது காரியாலயத்துக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. "ஐயா, நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்க. ஆனா போடுறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றாள். அதற்கு எம்மிடம் பதில் இருக்கவில்லை.

யாரிடமாவது சம்மதம் கேட்கப்பட்டதா என்று பிறகு விசாரித்தோம். ஆண்டு தொடக்கத்தில் பாடசாலை ஒரு படிவம் கொடுத்திருந்தது. அதில் பத்தோடு பதினொன்றாக ஒரு வரி: பாடசாலை நிகழ்வுகளில் பிள்ளையைப் படமெடுக்கச் சம்மதிக்கிறேன். கீழே பெரியம்மா கையெழுத்து வைத்திருந்தார். அந்த ஒரு கையெழுத்தை நம்பித்தான் எல்லாரும் இருந்தோம். ஆனால் அதில் மூன்று ஓட்டைகள் இருந்தன.

படமெடுப்பது வேறு, அதை அச்சிட்டுப் பரப்புவது வேறு. பெரியம்மா சம்மதித்தது படமெடுக்க மட்டும். அது பாடசாலைச் சுவரில் தொங்குமா, பாடசாலையின் முகநூல் பக்கத்துக்குப் போகுமா, வேறொரு நிறுவனத்தின் மடலில் பெயரோடும் வீதியோடும் வருமா என்று அந்த வரி சொல்லவில்லை. ஒன்றுக்குக் கொடுத்த சம்மதத்தை நாம் இன்னொன்றுக்கு எடுத்துக்கொண்டோம். இரவல் வாங்கிய குடையை நாம் இன்னொருவருக்கு இரவல் கொடுத்த மாதிரிதான் இது.

அடுத்தது, கையெழுத்து வைத்தவர் யார் என்பது. பெரியம்மா பிள்ளைக்குச் சோறு போடுகிறார், பாடசாலைக்குக் கூட்டிப்போகிறார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் தாய் வெள்ளவத்தையில், இரண்டு பஸ் தூரத்தில்தான் இருக்கிறாள். அந்த வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து முழுவதும் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கொழும்பில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நமது குடும்பங்களில் இது எப்போதும் நடக்கும் விசயம். பாடசாலைப் பதிவில் ஒரு பெயர் இருக்கும், பிள்ளையின் கதை தெரிந்தவர் வேறொருவராக இருப்பார்.

மூன்றாவது ஓட்டைதான் எமக்கு அதிகமாக உறுத்தியது. படமெடுக்கும்போது அந்தச் சிறுமி, "எனக்கு வேணாம் டீச்சர்" என்று சொல்லி ஓரத்தில் போய் நின்றாளாம். மேடையில் இருந்த யாரோ, "வெக்கப்படாத, நடுவுல வா" என்று தோளைப் பிடித்து நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் நாம் அதை வெட்கம் என்று எடுத்துக்கொள்கிறோம். அதற்குள் ஒரு காரணம் இருக்கலாம் என்று நினைப்பதில்லை. ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சாசனத்தில் இலங்கை 1991 இல் சேர்ந்துகொண்டது. அதன் 12 ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விசயத்தில் பிள்ளை சொல்லும் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. 16 ஆம் உறுப்புரை பிள்ளைக்கும் அந்தரங்கம் உண்டு என்கிறது. இவற்றைப் பயிற்சி வகுப்புகளில் நாமே பலமுறை படித்துக் காட்டியிருக்கிறோம். மேடையில் கமெரா வந்ததும் மறந்துபோனது.

சரி, ஒரு படத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஊரே பார்க்கத்தானே பிள்ளை மேடை ஏறுகிறது? மேடையில் பார்ப்பவர்கள் அன்றைக்கு அங்கே வந்தவர்கள் மட்டும். படத்தைப் பார்ப்பவர்கள் யார் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் காலத்தில் பார்ப்பார்கள் என்றும் தெரியாது.

ஒரு பிள்ளையைத் தேடிப்பிடிக்க மூன்று விசயம் போதும்: முகம், பெயர், இடம். மூன்றும் ஒன்றாகச் சேரும்போதுதான் பெரும்பாலும் சிக்கல் வருகிறது. முகம் மட்டும் இருந்தால், தெரிந்தவர்களுக்குத்தான் யாரென்று புரியும். பெயர் மட்டும் இருந்தால், அந்தப் பெயரில் நாட்டில் எத்தனையோ பிள்ளைகள். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலே ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். இடம் என்பது எழுத்தில் மட்டும் வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நமது நாட்டில் அரச பாடசாலைச் சீருடை எங்கும் ஒரே மாதிரிதான். உடுப்பைப் பார்த்து எந்தப் பாடசாலை என்று சொல்ல முடியாது. ஆனால் கழுத்துப்பட்டியின் நிறமும் சட்டையில் உள்ள சின்னமும் பாடசாலையை அப்படியே காட்டிக்கொடுக்கும். பின்னால் தொங்கும் பதாகையில் பாடசாலைப் பெயரும் திகதியும் இருக்கும். பக்கத்தில் நிற்கும் பாடசாலை வானின் கண்ணாடியில் ஊர் எழுதியிருக்கும். எமது படத்தில் பதாகை இருந்தது, சின்னம் இருந்தது, இதெல்லாம் போதாதென்று வீதியின் பெயரையும் நாமே அச்சில் கொடுத்தோம்.

எமது படத்தை விட நல்ல படம் எப்படி இருந்திருக்கும் என்று பிறகு உட்கார்ந்து யோசித்தோம். மேடையின் பின்னாலிருந்து எடுத்திருக்கலாம். பிள்ளைகளின் முதுகில் புதுப்பைகள் தெரிந்திருக்கும், சபையில் இருப்பவர்கள் தூரத்தில் தெரிந்திருப்பார்கள். கொப்பிகளை வாங்கும் கைகளை மட்டும் எடுத்திருக்கலாம். முகம் வேண்டுமென்றால் பெயர் இல்லாமல், "கொழும்பில் படிக்கும் எமது தோட்டத்துப் பிள்ளைகள்" என்று மட்டும் போட்டிருக்கலாம். விழாவுக்கு வந்து மரியாதை செய்த பெரியவர்களின் பெயரைத் தாராளமாகப் போடலாம், அதற்கு அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொல்லப்போனால் போடாவிட்டால்தான் கோபிப்பார்கள்.

வெளியே போன படத்தைத் திருப்பி எடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதையும் அப்போதுதான் கண்டோம். மடுவத்துச் சுவரில் ஒட்டியதைக் கிழித்தோம். அது அரை மணித்தியால வேலை. வட்ஸ்அப்பில் போட்ட பொடியனைக் கூப்பிட்டோம். அவன் பயந்துபோய் உடனே அழிக்கப் பார்த்தான். தான் போட்ட செய்தியை எல்லாருடைய தொலைபேசியிலிருந்தும் எடுக்க அதில் Delete for everyone என்று ஒன்று உண்டு. ஆனால் அது செய்தி அனுப்பி ஏறக்குறைய இரண்டு நாள் வரைதான் வேலை செய்யும். பிந்திவிட்டால் அவனுடைய தொலைபேசியில் மட்டும்தான் அழியும், மற்றவர்களிடம் இருக்கும். காலத்தோடு அழித்தாலும், அதற்குள் தொலைபேசியின் படப்பெட்டியில் சேமித்தவர்களிடமும் வேறு குழுவுக்கு அனுப்பியவர்களிடமும் அது அப்படியே இருக்கும். எமது விசயத்தில் நாம் அவனைக் கூப்பிட்டபோது ஒரு கிழமை கடந்திருந்தது. குழுவில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கண்டு, அழிக்கும்படி கேட்டோம். பெரும்பாலானவர்கள் கேட்டார்கள். எல்லாரும் கேட்டார்களா என்று எம்மால் எப்படிச் சொல்ல முடியும்?

முகநூலில் போட்ட இருவரில் தலவாக்கலைக்காரர் அன்றைக்கே எடுத்துவிட்டார். வெளிநாட்டில் இருப்பவரைப் பிடிக்க இன்னும் ஒரு கிழமை ஆனது. அவருடைய பதிவு Public என்ற நிலையில் இருந்தது. அதாவது நண்பரோ இல்லையோ, உலகத்தில் யாரும் பார்க்கலாம் என்ற நிலை. "எனக்கு இப்பிடி ஒரு விசயம் இருக்குன்னே தெரியாதுங்க" என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே தெரியாமல் இருந்திருக்கும். பதிவின் மேலே பெயருக்குக் கீழ் ஒரு சின்ன உலக உருண்டை தெரிந்தால், அது எல்லாருக்கும் திறந்த பதிவு. அதை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றலாம்.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2022 ஆம் ஆண்டு 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் எமது பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஒருவரை அடையாளம் காட்டக்கூடிய தகவல் எல்லாம் தனிப்பட்ட தரவுதான். பெயர் அப்படி, முகவரி அப்படி, முகம் தெரியும் படமும் அப்படித்தான். அதிலும் ஒரு பிள்ளையைப் பற்றிய தரவை இந்தச் சட்டம் ஒருவரின் நோய், மதம், அரசியல் கருத்து ஆகியவற்றோடு சேர்த்து விசேட வகையில் வைத்திருக்கிறது. சம்மதத்தின் பேரில் அதைப் பயன்படுத்துவதென்றால் தாய் தகப்பனோ சட்டப்படியான பாதுகாவலரோ சம்மதிக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவருவதென்றுதான் ஏற்பாடு. பிரதான பகுதிகள் 2025 மார்ச்சில் தொடங்க இருந்து பின்போடப்பட்டன. அதனால் நாளைக்கே யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சம்மதம் என்றால் என்ன என்பதற்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் எமக்கு மிகவும் பிடித்தது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், எதற்கென்று குறிப்பிட்டு, விசயம் விளங்கி, ஐயத்துக்கு இடமில்லாமல் கொடுத்ததுதான் சம்மதம். கொடுத்த சம்மதத்தைப் பிறகு திரும்பப் பெறவும் முடியும்.

எமது பழைய படிவத்தை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். எதற்கென்று குறிப்பிடவில்லை. விசயம் விளங்கவில்லை, ஏனென்றால் விளக்குவதற்கு அதில் விசயமே இல்லை. மற்றது அந்த வற்புறுத்தல் இல்லாமல் என்ற சொல். அதில்தான் நமது ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ நல்ல மனதோடு ஒரு குழு தோட்டத்துக்கு வருகிறது. வானில் சப்பாத்துகளும் கொப்பிகளும். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர் கூப்பிட்டு, பதாகைக்கு முன்னால் நிறுத்தி, கையில் பொதியைக் கொடுத்து, கமெராவைப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு தாய், "எம் புள்ளய படம் எடுக்காதீங்க" என்று சொல்வாளா? சொன்னால் சப்பாத்து கிடைக்குமா என்று அவளுக்குத் தெரியாது. வாய் திறக்காமல் நிற்பாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய், "வறுமையில் வாடும் சிறார்கள்" என்ற தலைப்போடு படத்தைப் போடுகிறார்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு உயர்தரம் படித்து, கொழும்பில் ஒரு வேலைக்குப் போய் உட்காரும்போது, கூட வேலை செய்பவர் யாராவது அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் காட்டலாம். உதவி செய்பவர்களுக்குக் கணக்குக் காட்ட ஆதாரம் தேவை என்பது எமக்கும் தெரியும், நாமும் கணக்குக் காட்டுபவர்கள்தான். பற்றுச்சீட்டு, பெற்றாரின் கையொப்பப் பட்டியல், அதிபரின் கடிதம், பொதிகள் அடுக்கி வைத்த படம் இவை போதும். இப்போது எமது தோட்டங்களுக்கு வரும் குழுக்களிடம் முன்கூட்டியே இதைச் சொல்லிவிடுகிறோம். பொருள்களை எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் கொடுத்து முடியுங்கள், படம் பிறகு, விரும்பியவர்களோடு மட்டும். முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் அதற்காகத் திரும்பிப் போனவர்கள் இதுவரை இல்லை.

வீட்டுக்காரர் எடுக்கும் படத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா என்று கூட்டங்களில் கேட்கிறார்கள். உங்கள் பிள்ளை ஆடும்போது நீங்கள் தொலைபேசியில் படமெடுத்து வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குச் சட்டம் குறுக்கே வராது. தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காக ஒருவர் செய்வதை 2022 ஆம் ஆண்டுச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே விட்டிருக்கிறது. ஆனால் வீட்டுத் தேவை எங்கே முடிகிறது என்பதற்கு நெதர்லாந்து நாட்டில் நடந்த ஒரு வழக்கு நல்ல உதாரணம்.

அங்கே ஒரு பாட்டி தன் பேரப்பிள்ளைகளின் படங்களை முகநூலிலும் பின்டரெஸ்ட் என்ற தளத்திலும் போட்டிருந்தார். பிள்ளைகளின் தாய், அதாவது அவருடைய சொந்த மகள், எடுத்துவிடும்படி பலமுறை கேட்டும் பாட்டி கேட்கவில்லை. விசயம் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மே மாதம் கெல்டர்லாந்து மாகாண நீதிமன்றம் தாயின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. முகநூலில் போட்ட படம் யார் கைக்கும் போகக்கூடும் என்பதால் அதை வெறும் வீட்டு விசயம் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்றது நீதிமன்றம். தாயின் சம்மதம் இல்லாத படங்களைப் பாட்டி எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் நாளொன்றுக்கு 50 யூரோ, கூடியது 1,000 யூரோ வரை கட்ட வேண்டும் என்று உத்தரவானது. இது ஐரோப்பிய நாட்டுச் சட்டப்படி வந்த தீர்ப்பு. எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பாட்டிக்கே இந்தக் கதி என்றால் எமது மடல் எந்த மூலைக்கு என்று நாம் நினைத்துக்கொண்டோம்.

ஆகவே வீட்டு ஆட்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நீங்கள் எடுத்த விழாப் படத்தில் உங்கள் பிள்ளை மட்டுமா இருக்கிறது? கோலாட்டத்தில் பக்கத்தில் நிற்கும் பிள்ளை வேறொருவர் பிள்ளை. அந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன கதை இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது. வட்ஸ்அப் நிலைத்தகவலில் போட விருப்பமென்றால், மற்றப் பிள்ளைகளை வெட்டிவிட்டு உங்கள் பிள்ளை மட்டும் தெரியப் போடுங்கள். நிலைத்தகவலை யார் பார்ப்பது என்றும் நீங்கள் தீர்மானிக்கலாம். அதன் அமைப்பில் Only share with என்பதைத் தெரிந்து, பாட்டி, மாமா, சித்தி என்று நாலைந்து பேரை மட்டும் குறித்து வைக்கலாம். அரபு நாட்டில் வேலை செய்யும் தாய்மார்களுக்குப் பிள்ளையின் விழாப் படத்தைப் பார்க்க ஆசை இருக்காதா? அவர்களுக்கு நேராக, தனிச் செய்தியாக அனுப்புங்கள். தோட்டத்துக் குழுவில் போட்டு அவர்கள் அதில் பார்க்கட்டும் என்று விடவேண்டாம்.

இப்போது எமது மடலில் ஒரு பிள்ளையின் படம் வருவதற்கு முன் என்ன செய்கிறோம் என்று சொல்கிறோம், ஏனென்றால் அந்தப் படிவம் உங்கள் கைக்கும் வரும். படிவம் ஒரே பக்கம். தமிழில் இருக்கும். ஒரு தடவை போட்ட கையெழுத்து ஒரு விழாவுக்கு மட்டும்தான். அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு: பாடசாலையிலோ தோட்டத்திலோ சுவரில் ஒட்டுவதற்கு, மடலில் அச்சிடுவதற்கு, முகநூலில் போடுவதற்கு, பெயரோடு போடுவதற்கு. ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று குறிக்கலாம். எல்லாவற்றுக்கும் இல்லை என்றும் குறிக்கலாம், காரணம் எழுதத் தேவையில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நலன்புரி உத்தியோகத்தரோ பிள்ளை பராமரிப்பு நிலைய ஆசிரியையோ வாசித்து விளக்கி, வாசித்துக் காட்டியவர் தம் பெயரையும் எழுதி ஒப்பமிடுவார். பெருவிரல் அடையாளம் மட்டும் வைத்து வரும் படிவத்தை நாம் ஏற்றுக்கொள்வதில்லை. பிள்ளை சொந்தக்காரர் வீட்டில் இருந்தால், தாயிடமோ தகப்பனிடமோ தொலைபேசியிலாவது கேட்டு, கேட்ட நாளைக் குறிக்கிறோம். அந்தப் பேச்சில் ஒரு கேள்வி கட்டாயம் கேட்கிறோம்: இந்தப் பிள்ளை எங்கே இருக்கிறதென்று யாருக்காவது தெரியக்கூடாதா? ஆம் என்றால் அதற்கு மேல் ஒன்றும் துருவுவதில்லை. யார், ஏன் என்று எழுதி வைப்பதும் இல்லை. அந்தப் பிள்ளையின் படம் வராது, அவ்வளவுதான்.

படமெடுக்கும் நாளில் பிள்ளையிடமும் கேட்கிறோம். தாய் ஆம் என்று சொல்லியும் பிள்ளை வேண்டாமென்றால் விட்டுவிடுகிறோம். இதில் ஒரு சிக்கல் வந்தது. வேண்டாமென்ற பிள்ளைகளைத் தனியாக ஓரத்தில் நிறுத்தினால், ஏதோ குற்றம் செய்த பிள்ளைகள் மாதிரி மற்றவர்கள் பார்க்கிறார்கள். ஒரு பாடசாலையில் ஆசிரியை ஒருவர் எமக்கு நல்ல வழி காட்டினார். ஆட்டமோ பாட்டோ எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து முடிக்கட்டும், அதுவரை கமெராவை மூடி வைப்போம். முடிந்தபின் படத்துக்கு விருப்பமுள்ளவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்று கூப்பிடுவோம். வராத பிள்ளைகள் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் குடிக்கப் போவார்கள். யார் எதற்காக வரவில்லை என்று யாரும் கவனிப்பதில்லை. பல சமயம் படத்துக்கு வந்த பிள்ளைகள்தான் பிஸ்கட் முடிந்துவிடுமோ என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சம்மதித்துவிட்டுப் பிறகு மனம் மாறினால் சொல்லுங்கள். முகநூலில் போட்டிருந்தால் எடுத்துவிடுவோம், அடுத்த மடலில் போடமாட்டோம். ஆனால் அச்சிட்டு வீடு வீடாகப் போன தாளை எம்மால் திரும்ப வாங்க முடியாது. இதைப் படிவத்திலேயே எழுதியிருக்கிறோம், ஏனென்றால் அது தெரிந்துதான் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டும்.

வேறு யாராவது உங்கள் பிள்ளையின் படத்தைக் கேட்காமல் போட்டிருந்தால், முதலில் அந்தப் பதிவைத் திகதியும் போட்டவர் பெயரும் தெரிய உங்கள் தொலைபேசியில் திரைப்படமாக எடுத்து வையுங்கள். அழித்தபின் ஆதாரம் இருக்காது. பிறகு போட்டவரிடமே நேராகக் கேளுங்கள். நமது அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்ட உடனே எடுத்துவிடுகிறார்கள், அவர்கள் யோசிக்காமல் போட்டவர்கள்தான். எடுக்க மறுத்தால் பதிவின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு Report என்பதன் வழியாக முறையிடலாம். படத்தை வைத்து யாராவது மிரட்டினாலோ, பிள்ளையின் முகத்தை ஆபாசமான படத்தோடு ஒட்டியிருந்தாலோ இது சமாதானம் பேசும் விசயம் அல்ல. அந்தப் படத்தை ஆதாரம் என்று சொல்லி இன்னொருவருக்கு அனுப்பவும் வேண்டாம், அனுப்புவதே குற்றமாகலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை அழையுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். பொலிஸ் நிலையத்திலும் முறையிடுங்கள். தனியே போகத் தயக்கமாக இருந்தால் எம்மைக் கூப்பிடுங்கள், கூட வருகிறோம்.

அந்தச் சிறுமி இப்போது வேறொரு பாடசாலையில் படிக்கிறாள். சென்ற ஆண்டு அங்கே நடந்த விழாவில் நடனத்துக்கு அவளுக்கு ஒரு கிண்ணம் கிடைத்தது. தாய் தொலைபேசியில் சொன்னாள். "படம் எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டோம். "எடுத்தேன் ஐயா. எங்கிட்டதான் இருக்கு" என்றாள். அதை நாம் கேட்கவில்லை.

புதிய படிவம் எல்லாத் தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையங்களிலும் எமது காரியாலயத்திலும் இருக்கிறது. கொழும்பில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்கள் இந்த மாதத்துக்குள் வந்து, பழைய கையெழுத்தை நீக்கி, புதிய படிவத்தைக் கட்டம் கட்டமாகப் பார்த்து நிரப்பிக் கொடுக்கவும். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கம் வேலை செய்யும் பெற்றார் வர முடியாவிட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிட்டாலும் போதும், நாம் வாசித்துக் காட்டுவோம்.